பாதிச் சார்ச்சில் அணைந்துவிடும் போன்: பற்றரியின் அகத்தடையையும் பிழையான சதவீதத்தையும் பிரித்தறிதல்

“தம்பி, பாதி சார்ச் கிடக்குது. வயலுக்குள்ள நின்று கதைக்கத் தொடங்க நூந்து போகுது. வீட்ட வந்து போட்டா ஒன்றும் இல்லாத மாதிரி எரியுது.” சிறுபோக அறுவடைக் காலத்தில் வட்டக்கச்சிப் பக்கமிருந்து வந்த ஒருவர் கிளிநொச்சியில் உள்ள என் திருத்தகத்தில் இப்படிச் சொல்லித் தன் போனைத் தந்தார். வாங்கி நான்கு வருடமான போன் அது. பற்றரியின் மேல் 4000 மில்லியம்பியர் மணி என்று அச்சிடப்பட்டிருந்தது. இந்தக் குறையுடன் வருகின்ற போன்களில் பெரும்பாலானவற்றை வேறிடங்களில் முதலில் மென்பொருள் மாற்றியும் முழுமையாக அழித்து அமைத்தும் பார்த்திருப்பார்கள். இதற்கும் அதுவே நடந்திருந்தது. பிள்ளைகளின் படங்கள் போனதுதான் மிச்சம்.

போன் பாதிச் சார்ச்சில் அணைவதற்கு இரண்டு பெருங் காரணங்கள் உண்டு. ஒன்றில், பற்றரிக்குள் மின் உண்மையாகவே இருக்கும். ஆனால் போன் திடீரென்று கேட்கும் அளவுக்கு அதனை வெளியே விட பற்றரியால் இயலாது. மற்றதில், மின் உண்மையில் தீர்ந்துபோயிருக்கும். திரையில் தெரிகின்ற 45 சதவீதம் என்பது போன் தவறாகப் போட்ட கணக்கு மட்டுமே. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தாலும், முதலாவதற்குப் புதுப் பற்றரிதான் வழி. இரண்டாவதைச் சில வேளைகளில் செலவில்லாமலே சரிசெய்யலாம். ஆகவே எதனையும் கழற்றுவதற்கு முன்னர் இது எந்த வகை என்று அறிய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்: பற்றரி வீங்கியிருக்கிறதா?

போனை மேசையில் மல்லாத்தி வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்திப் பாருங்கள். போன் பம்பரம்போல் சுழன்றாலோ, திரையின் ஓரம் சட்டத்தை விட்டு மேலெழுந்திருந்தாலோ, பின்மூடி நடுவில் மேடாகியிருந்தாலோ, கீழே சொல்லப்படும் சோதனை எதனையும் செய்ய வேண்டாம். சார்ச் போடுவதையும் நிறுத்திவிடுங்கள். வீங்கிய பற்றரியை அமுக்கி மூடியைப் பூட்டுவதும், காற்றை வெளியேற்றலாம் என்று ஊசியால் குத்துவதும் தீயில் முடியக்கூடியவை. அதனை மாற்றுவதைத் தவிர வேறு தெரிவு இல்லை.

அணைந்த பிறகு மீண்டும் போட்டால் எத்தனை சதவீதம் காட்டுகிறது?

இந்த ஒரு கேள்விக்கு உரிமையாளர் சரியான பதில் சொன்னாலே வேலையில் பாதி முடிந்துவிடும். போன் அணைந்தவுடன் சார்ச்சரில் பொருத்தி, திரையில் தோன்றும் முதல் எண்ணைக் கவனிக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்துப் பார்ப்பதால் பயன் இல்லை. அதற்குள் சார்ச் ஏறத் தொடங்கிவிடும்.

அணைவதற்கு முன் இருந்த அதே எண்ணோ அதற்கு ஓரிரண்டு குறைவாகவோ காட்டினால், பற்றரியின் அகத்தடை கூடிவிட்டது என்றே முதலில் ஐயுற வேண்டும். 45 இல் அணைந்த போன் 0, 2, 5 என்று காட்டினால், கணக்குத்தான் பிழை. வட்டக்கச்சிக்காரரிடம் கேட்டபோது, ஒவ்வொரு தடவையும் 44, 46 என்றே காட்டியதாகச் சொன்னார்.

அதே எண்ணைக் காட்டினால்: அகத்தடை

பாடசாலையில் விஞ்ஞானப் பாடத்தில் படித்த அகத்தடை இதுவேதான். பற்றரியிலிருந்து மின்னோட்டம் பாயும்போது அதன் மின்னழுத்தத்தில் ஒரு பகுதி பற்றரிக்குள்ளேயே இழக்கப்படுகின்றது. எவ்வளவு இழக்கப்படும் என்பது ஓட்டத்தையும் அகத்தடையையும் பெருக்கினால் கிடைக்கும். நல்ல நிலையில் உள்ள போன் பற்றரி ஒன்றில், அதன் பாதுகாப்புச் சுற்றையும் இணைப்பியையும் சேர்த்து, அகத்தடை ஏறத்தாழ 0.1 ஓம் இருக்கும். வயதாகும்போது கலத்தினுள் உள்ள கிராபைற்று மின்வாயின் மேல் ஒரு மெல்லிய படை தடித்துக்கொண்டே போகின்றது. அந்தப் படை இலிதியத்தை விழுங்கிக் கொள்ளளவைக் குறைப்பதுடன், எஞ்சிய இலிதியம் போய்வரும் பாதையையும் நெருக்குகின்றது. வெப்பமும், நூறு சதவீதத்திலேயே நெடுநேரம் கிடப்பதும் இதனை விரைவுபடுத்தும். உழவு இயந்திரத்தின் மட்கார்டிலும், மோட்டார் சைக்கிள் கைபிடியிலும், தகரக் கூரைக்குக் கீழேயும் வன்னி வெயிலைக் குடிக்கின்ற போன்களின் பற்றரி, வீட்டுக்குள் இருக்கும் போனின் பற்றரியை விட முந்திக் கிழடாவதில் வியப்பில்லை. இந்தக் குறைக்குக் குளிர்தான் காரணம் என்று பிற நாட்டுக் குறிப்புகள் எழுதுவதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. குளிரில் அகத்தடை கூடுவது உண்மைதான். ஆனால் மார்கழி விடியற்காலையில்கூட இங்கே நல்ல பற்றரி ஒன்றை அணைக்கும் அளவுக்குக் குளிர்வதில்லை. நம்மிடம் வெப்பம் பற்றரியைக் கெடுப்பது சித்திரையில். அது வெளியே தெரிவது பல மாதங்களுக்குப் பிறகு.

போனின் மின் மேலாண்மைச் சில்லுக்கு ஒரு கீழெல்லை உண்டு. பல போன்களில் அது 3.2 முதல் 3.4 வோல்ற்று வரையில் இருக்கும். அழுத்தம் ஒரு கணம் அதற்குக் கீழே விழுந்தாலும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சில்லு எல்லாவற்றையும் நிறுத்திவிடும். சுமை நீங்கியவுடன் அழுத்தம் மேலே எழும்பிவிடுவதால், மீண்டும் போட்டால் போன் ஒன்றும் அறியாததுபோல் 44 என்று காட்டுகின்றது.

வயலுக்குள் நின்றால் மட்டும் ஏன் அணைய வேண்டும்? கோபுரம் தூரமாக இருந்தால், அதற்குக் கேட்கும்படி போன் உரத்துப் பேச வேண்டும். இரண்டாந் தலைமுறை வலையமைப்பில் ஒரு போன் உச்சமாக 2 வாற்று வலுவில் ஒலிபரப்பலாம். அதுவும் தொடர்ச்சியாக அல்லாமல், ஒவ்வொன்றும் ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவான துடிப்புகளாக. அந்த ஒவ்வொரு துடிப்பின்போதும் பற்றரியிலிருந்து 2 அம்பியர் அளவில்கூட இழுபடலாம். கோபுரத்துக்கு அருகில், கண்டி வீதியில் நின்று கதைக்கும்போது அதே போனுக்கு இதில் சிறு பங்கே போதும். ஆகவே கடையில் வைத்து ஒரு மணி நேரம் காணொளி ஓட்டிப் பார்த்துவிட்டு “போனில் பிழை இல்லை” என்று திருப்பிக் கொடுப்பது, திருத்துபவர் தன்னையும் வந்தவரையும் ஏமாற்றுவதாகும்.

இதே குறை மிகவும் பெயர்பெற்ற போன்களிலும் வந்திருக்கிறது. 2016 இன் பிற்பகுதியில் ஐபோன் 6, 6எஸ் போன்கள் சார்ச் இருக்கும்போதே அணைவதாக முறைப்பாடுகள் எழுந்தன. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 என்ற பதிப்பு, பழைய பற்றரி உள்ள போன்களில் உச்சச் சுமையைக் குறைத்து, அதாவது போனின் வேகத்தை மட்டுப்படுத்தி, அணைவதைத் தடுத்தது. இதனை அந்த நிறுவனம் அந்த வருட டிசம்பரில்தான் வெளிப்படையாக விளக்கியது. மென்பொருளால் இங்கே செய்யக்கூடியது அவ்வளவுதான்: சுமையைக் குறைக்கலாம், அகத்தடையைக் குறைக்க முடியாது.

அளந்து உறுதிசெய்தல்

அன்றொயிட் போன்கள் பலவற்றில் `*#*#4636#*#*` என்று அழுத்தினால் வரும் பட்டியலில் பற்றரித் தகவல் இருக்கும். சாம்சுங் போன்கள் பலவற்றில் `*#0228#` என்பது அழுத்தத்தைக் காட்டும். இரண்டும் வேலை செய்யாவிட்டால், போனில் யூஎஸ்பி டிபக்கிங்கை இயக்கி, adb கருவி உள்ள கணினியுடன் இணைத்து இந்தக் கட்டளையை இடலாம்.

```
adb shell dumpsys battery
```

வரும் வரிகளில் மூன்றை மட்டும் பார்த்தால் போதும்.

```
level: 46
voltage: 3790
temperature: 324
```

அழுத்தம் மில்லிவோல்ற்றில் தரப்படுவதால் 3790 என்பது 3.79 வோல்ற்று. வெப்பநிலை பத்து மடங்காகத் தரப்படுவதால் 324 என்பது 32.4 பாகை செல்சியசு. கணினியின் யூஎஸ்பி வழியே சார்ச் ஏறிக்கொண்டிருந்தால் அழுத்தம் உயர்வாகத் தெரியும் என்பதை மறக்கக் கூடாது. ஓய்வில் அளக்க வேண்டுமானால், போனைத் திரை அணைந்த நிலையில் அரை மணி நேரம் சும்மா வைத்திருந்து, இணைத்த உடனேயே பார்க்க வேண்டும். சுமையில் அளப்பதற்கு வயரில்லாமல் மேற்சொன்ன பட்டியலையே நாடுவது நல்லது.

வட்டக்கச்சிப் போன் 46 சதவீதத்தில் ஓய்வாக இருந்தபோது 3.79 வோல்ற்று காட்டியது. பாதிக்குச் சற்றுக் குறைந்த ஒரு கலத்துக்கு அது நியாயமான அளவு. எனவே சதவீதம் பொய் சொல்லவில்லை. பிறகு திரையின் ஒளியை முழுதாகக் கூட்டி, ரோச் லைற்றைப் போட்டு, காணொளி பதிவையும் தொடங்கினேன். அழுத்தம் 3.47 இற்கு இறங்கியது. 0.32 வோல்ற்று வீழ்ச்சி. பற்றரியைக் கழற்றி மேசை மின்வழங்கியில் போனை இயக்கிப் பார்த்தபோது, அதே வேலைகளுக்குப் போன் கூடுதலாக இழுத்த ஓட்டம் ஏறத்தாழ 1 அம்பியர். 0.32 ஐ 1 ஆல் பிரித்தால் அகத்தடை 0.32 ஓம், நல்ல பற்றரியின் மூன்று மடங்கு. இதே போன் வயலில் 1.5 அம்பியர் கேட்டால் 0.48 வோல்ற்று உள்ளேயே போய்விடும், மிஞ்சுவது 3.31. கீழெல்லையின் வாசலில் நிற்கின்ற அளவு அது.

மின்வழங்கி இல்லாதவர்கள் ஓட்டத்தை அளக்காமலே ஒரு முடிவுக்கு வரலாம். மேற்சொன்ன மூன்று சுமைகளையும் ஒன்றாகப் போடும்போது அழுத்தம் 0.15 வோல்ற்றுக்குள் இறங்கினால் பற்றரி தாங்குகிறது, 0.3 ஐத் தொட்டால் அதன் காலம் முடிந்துவிட்டது. இடையில் நிற்பதை நான் வெப்பநிலையோடும் போனின் வயதோடும் சேர்த்துத்தான் தீர்மானிப்பேன். இதில் ஒரு வரம்பும் உண்டு: திரை காட்டும் எண் சில செக்கன்களுக்கு ஒரு தடவையே புதுப்பிக்கப்படும். மில்லிசெக்கன் துடிப்பில் விழும் பள்ளத்தை அதனால் பார்க்க முடியாது. திரையில் 3.47 தெரிந்த அதே வேளையில் உள்ளே அழுத்தம் அதைவிடக் கீழே போய்வந்திருக்கலாம்.

கடைசி உறுதிக்காக, போனை ஒரு பிஸ்கட் தகரப் பெட்டிக்குள் வைத்து, மூடியைச் சற்றுத் திறந்தபடி விட்டு இன்னொரு போனிலிருந்து அழைத்தேன். தகரம் அலையை மறைப்பதால் போன் வயலில் நிற்பதுபோல வலுவைக் கூட்டும். முதல் இரண்டு அழைப்பும் தாங்கின, மூன்றாவதில் நூந்தது. பெரிய பவர் பாங்க் ஒன்றைப் பொருத்திக்கொண்டு அதே பெட்டிக்குள் ஐந்து தடவை அழைத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. வெளியிலிருந்து ஓட்டம் வந்தால் அணையாத போனின் தாய்ப்பலகையைச் சந்தேகிக்கத் தேவையில்லை.

0 அல்லது 5 என்று காட்டினால்: கணக்குப் பிழை

பற்றரிக்குள் எவ்வளவு மின் இருக்கிறது என்று தண்ணீர்த் தாங்கியை எட்டிப் பார்ப்பதுபோல் பார்க்க முடியாது. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணி, அதனை அழுத்தத்துடன் ஒப்பிட்டு, போன் ஒரு மதிப்பீடு செய்கின்றது. அந்த எண்ணிக்கையை வகுப்பதற்கு முழுக் கொள்ளளவு தெரிந்திருக்க வேண்டும். 4000 என்று தொடங்கிய பற்றரி தேய்ந்து 2200 ஆகிவிட்டது, ஆனால் போன் இன்னும் 4000 என்றே நம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். முழுச் சார்ச்சிலிருந்து 2200 செலவான கணத்தில் பற்றரி வெறுமை. போனின் கணக்கிலோ 4000 இல் 1800 மிச்சம், அதாவது 45 சதவீதம்.

அழுத்தத்தைப் பார்த்துப் போன் இதனைத் திருத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நல்ல போன்கள் திருத்தத்தான் முயல்கின்றன. ஆனால் இலிதியம் கலத்தின் அழுத்தம் நடுப்பகுதியில் கிட்டத்தட்டத் தட்டையாகவே போகும். ஏறத்தாழ 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் வரை இறங்குவதற்குள் ஓய்வழுத்தம் 3.83 இலிருந்து 3.72 வரைதான், அதாவது 0.1 வோல்ற்றளவே மாறுகின்றது. அந்தச் சமதரையில் சிறு அளவீட்டுப் பிழைகூடச் சதவீதத்தில் பத்து, பதினைந்து என்று பெருகும். உச்சியையும் அடியையும் தொடும்போதுதான் போனுக்குத் தெளிவான அடையாளம் கிடைக்கும். வயற்காவல் குடிசையில் சிறு சோலர் தகட்டில் 35 இலிருந்து 60 வரை ஏற்றி, மீண்டும் 35 இற்கு இறக்கி, இப்படியே மாதக்கணக்கில் ஓட்டும் போனுக்கு அந்த இரண்டு கரையும் தென்படுவதே இல்லை. அத்தகைய போன்கள்தான் இந்த வகையில் என்னிடம் கூடுதலாக வருகின்றன.

சோதனை எளிது. 45 காட்டும் போனை அரை மணி நேரம் ஓய்வில் விட்டு அழுத்தத்தைப் பாருங்கள். 3.75 இற்கு மேல் இருந்தால் 45 ஐ நம்பலாம். 3.68 இற்குக் கீழே இருந்தால் உள்ளே பத்து சதவீதமளவே இருக்கிறது. திரை சொல்வது பொய். முழுச் சார்ச்சில் 4.2 வோல்ற்று வரை ஏறும் பழைய வகையா, அதைவிட மேலே ஏறும் புதிய உயரழுத்த வகையா என்பதைப் பொறுத்து இந்த அளவுகள் சிறிது முன்பின் ஆகலாம். ஆனால் 45 சதவீதத்தில் 3.6 வோல்ற்று என்பது எந்த வகைக்கும் பொருந்தாது.

சரிசெய்வதற்கு, போனைத் தானாக அணையும்வரை பாவித்துவிட்டு, அணைந்த நிலையிலேயே, இடையில் கழற்றாமல் நூறு வரை ஏற்றி, நூறு வந்த பிறகும் ஒரு மணி நேரம் சார்ச்சரிலேயே விட வேண்டும். பின்னர் மறுபடியும் அணையும்வரை வழக்கம்போல் பாவித்து, இன்னொரு தடவை முழுதாக ஏற்ற வேண்டும். மின்வெட்டு இல்லாத இரவாகப் பார்த்துச் செய்யுங்கள். அதன் பிறகு போன் 45 இல் அணையாமல் 3, 4 வரை இறங்கினால் கணக்குத் திருந்திவிட்டது. இதனால் பற்றரி புதிதாகிவிடாது. முன்பு மாலைவரை நின்றதாகத் தோன்றிய போன் இப்போது மத்தியானமே “20 சதவீதம்” என்று உண்மையைச் சொல்லத் தொடங்கும், அவ்வளவுதான். இதனை வாராவாரம் செய்யச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அடிவரை இறக்குவது பற்றரியைத் தேய்க்கும் என்பதால் அதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு சுற்றில் திருந்தாத கணக்கு பத்துச் சுற்றிலும் திருந்தாது.

தேய்ந்த பற்றரி பலவற்றில் இரண்டு குறையும் ஒன்றாகவே இருக்கும். கணக்கைத் திருத்திய பிறகும் 20 இலோ 25 இலோ அணைந்தால், முன்னைய பகுதியின் சுமைச் சோதனைக்குத் திரும்புங்கள்.

தட்டினால், வளைத்தால், பைக்குள் வைத்தால் அணைவது

சுமையோடும் சதவீதத்தோடும் தொடர்பில்லாமல், மேடு பள்ளமான பாதையில் போகும்போதோ உள்ளங்கையில் தட்டும்போதோ அணைந்தால், பற்றரியின் இணைப்பியைப் பாருங்கள். முன்பு யாரோ திறந்த போன் என்றால் அது முழுதாக அமராமல் இருக்கலாம். மழையில் நனைந்தது என்றால் பச்சை படிந்திருக்கலாம். ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைத்து, உலர்த்தி, அழுத்திப் பூட்டினால் போதும். அமுங்கிப்போன பவர் பொத்தானும் இதே தோற்றத்தைத் தரும்.

புதுப் பற்றரி போட்ட பிறகும் அணைவது

இது அரிதன்று. புதியது என்று விற்கப்படும் பற்றரி பெட்டிக்குள்ளேயே வருடக்கணக்கில் கிடந்து வயதாகியிருக்கலாம். போடுவதற்கு முன் மல்டிமீற்றரால் அளந்து பாருங்கள். 3.7 முதல் 3.9 வோல்ற்று வரை இருந்தால் நல்லது; 3 வோல்ற்றுக்குக் கீழே இருந்தால் வாங்கவே வேண்டாம். உற்பத்தித் திகதி அச்சிடப்பட்டிருந்தால் அதனையும் வாசியுங்கள். அதே அளவான பழைய பற்றரியை விட எடையில் தெளிவாகக் குறைந்திருந்தும் கொள்ளளவு கூடுதல் என்று அச்சிட்டிருந்தால், அந்த அச்சை நம்பக் காரணம் இல்லை. போட்ட பிறகு, மேலே சொன்ன முழு ஏற்ற இறக்கத்தை ஒரு தடவை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் போன் பழைய பற்றரியின் கணக்கையே புதியதற்கும் போட்டுக்கொண்டிருக்கலாம்.

வட்டக்கச்சிக்காரருக்குப் பற்றரி கொழும்பிலிருந்து வர ஐந்து நாள் ஆனது. அதுவரையும் 60 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கவும், மின்சேமிப்பு நிலையிலேயே விடவும், வயலில் கதைக்க வேண்டுமானால் பவர் பாங்கைப் பொருத்திக்கொண்டு கதைக்கவும் சொல்லியிருந்தேன். அதில் ஒரு தடவைதான் அணைந்ததாம். புதியது போட்ட பிறகு, அதே மூன்று சுமைக்கும் அழுத்தம் 3.80 இலிருந்து 3.69 இற்கே இறங்கியது. தகரப் பெட்டிக்குள் பத்து அழைப்பும் தாங்கின. கழற்றிய பற்றரியின் முனைகளை நாடாவால் ஒட்டி, மணல் நிரப்பிய தகரத்துக்குள் போட்டேன். “குப்பையோட போட்டு எரிச்சுவிடவா?” என்று அவர் கேட்டதனால்தான் இதனையும் எழுதுகிறேன்: எரிக்கவும் கூடாது, வயலில் புதைக்கவும் கூடாது, பழைய பற்றரிகளைச் சேர்த்து எடுப்பவர்களிடம் கொடுக்கும்வரை வெயில் படாத இடத்தில் வைத்திருக்க வேண்டும்.